மாடி வீட்டில் வைஃபை: எக்ஸ்டெண்டர் ஏன் வேகத்தைப் பாதியாக்குகிறது, மெஷ் எங்கே உதவுகிறது

மதுரையில் என் அக்கா வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் கேபிளை வாசல் பக்கமாக உள்ளே இழுத்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடம் இப்படித்தான் முடிவாகிறது. அக்கா மகள் படிக்கும் அறையோ மாடியில், வீட்டின் பின்பக்கம். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், ஒரு இரும்பு பீரோ. இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஹாலில் நின்று பார்த்தால் 94 வருகிறது. மாடி அறையில் 8 வந்தாலே பெரிது.

அவர்கள் முதலில் வாங்கியது மலிவான ஒரு எக்ஸ்டெண்டர். சிக்னல் எங்கே இல்லையோ அங்கேயே, அதாவது மகள் அறையிலேயே, பிளக்கில் செருகினார்கள். போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்துவிட்டன. வேகத்தை அளந்தால் 7. முன்பு இருந்ததைவிடக் குறைவு! "ஃபுல் சிக்னல் காட்டுதே, அப்புறம் ஏன்டா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு?" என்று அக்கா கேட்டாள். எக்ஸ்டெண்டர் வாங்கிய எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்தால், ஒரே வலையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல வைஃபை பெட்டிகளின் தொகுப்பான மெஷ் வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரவுட்டர், போன், லேப்டாப், டிவி எல்லாமே பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அமைதியானதும் தன் பங்கை அனுப்பும். ஆகவே உண்மையில் வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்வது அந்தச் சேனலின் நேரத்தைத்தான். ஒரு விநாடியில் இருக்கும் நேரம் ஒரு விநாடிதான். அதை யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே மற்றவர்களுக்குக் கிடைக்கும் வேகத்தையும் முடிவு செய்கிறது.

இப்போது நடுவில் எக்ஸ்டெண்டர் வருகிறது. மலிவான வகையில் ஒரே ஒரு ரேடியோதான் இருக்கும். ரவுட்டரைக் கேட்க வேண்டுமானால் அது ரவுட்டரின் சேனலில் நிற்க வேண்டும். அதே ரேடியோதான் மாடியில் இருக்கும் போனோடும் பேசுகிறது என்பதால், அந்தப் பேச்சும் அதே சேனலில்தான் நடந்தாக வேண்டும். அனுப்பும்போது அதனால் கேட்கவும் முடியாது. எனவே ரவுட்டர் ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது, எக்ஸ்டெண்டர் முழுதாக வாங்கிக்கொள்கிறது, அப்புறம் அதே பாக்கெட்டை அதே சேனலில் மறுபடி போனுக்கு அனுப்புகிறது. காது மந்தமான பாட்டிக்கு, வந்தவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பச் சொல்வது போல. பேரன் சொல்லி முடிக்கும்வரை வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சு இருபது நிமிடம் ஆகிறது. பாதியாகிறது என்பதன் பொருள் இதுதான். எக்ஸ்டெண்டரில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரே தரவு ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது.

ஆனால் சரியாகப் பாதிதான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பயணங்களும் ஒரே வேகத்தில் நடந்தால் மட்டுமே பாதி. ஒன்று மெதுவாக இருந்தால் மொத்தமும் அதன் பின்னால் இழுபடும். இதை அக்கா வீட்டு எண்களை வைத்தே பார்க்கலாம். ரவுட்டரோடு கேபிளில் இணைந்த ஒரு கணினியை ஹாலில் வைத்தேன். எக்ஸ்டெண்டரின் அடியில் இருந்த லேன் துளையில் என் லேப்டாப்பைச் செருகினேன். இப்படிச் செய்தால் ரவுட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள காற்றுவழி மட்டும் தனியாக அளவுக்கு வரும். அளக்க iperf3 என்ற கருவியை இரண்டிலும் போட்டுக்கொண்டேன். கணினியின் முகவரி 192.168.1.10 என்றால், முதல் வரி கணினியில், இரண்டாவது வரி லேப்டாப்பில்:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -R
```

`-R` என்பது தரவு கணினியிலிருந்து லேப்டாப்புக்கு வரும் திசையில் அளக்கச் சொல்கிறது. இணையத்தில் இருக்கும் வேகச் சோதனைத் தளங்களைவிட இது நல்லது. இணைப்பு கொடுப்பவரின் நெரிசல் இதில் கலப்பதில்லை, வீட்டுக்குள் நடப்பது மட்டும் தெரியும். அடுத்ததாக, கேபிள் லேப்டாப்பை அங்கேயே வைத்து, அதில் `iperf3 -s` ஓட்டிவிட்டு, எக்ஸ்டெண்டரின் வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பிலிருந்து அதன் முகவரியைக் கொடுத்து அளந்தால் இரண்டாவது பயணம் தனியாகக் கிடைக்கும்.

எக்ஸ்டெண்டர் மகள் அறையில் இருந்தபோது முதல் பயணம் 8, இரண்டாவது 70. 100 மெகாபிட் தரவு மேலே போக முதல் பயணத்துக்கு 12.5 விநாடி, இரண்டாவதுக்குச் சுமார் 1.4 விநாடி. மொத்தம் ஏறக்குறைய 14 விநாடி, அதாவது 7 எம்பிபிஎஸ். அக்கா போனில் பார்த்த அதே 7. சிக்னல் கோடுகள் காட்டியது இரண்டாவது பயணத்தை மட்டும்தான். போனுக்கு எக்ஸ்டெண்டர் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கோடுகள் நிறைந்திருக்கின்றன. அந்த எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது போனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் எக்ஸ்டெண்டரை மாடிப்படி திரும்பும் இடத்துக்கு மாற்றினோம். மாடி வீடுகளில் இந்த இடத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கான்கிரீட் தளத்தில் திறப்பு இருக்கும் ஒரே இடம் படிக்கட்டுதான், கம்பியும் ஜல்லியும் நிறைந்த தளத்தைத் துளைத்துப் போகாமல் அலை அந்த வழியாக மேலே ஏறிவிடும். அங்கே வைத்ததும் முதல் பயணம் 40, இரண்டாவது 60. 100 மெகாபிட்டுக்கு 2.5 விநாடியும் 1.67 விநாடியும் சேர்ந்து 4.17 விநாடி, கணக்குப்படி 24 எம்பிபிஎஸ். அளந்தபோது 21 வந்தது. மீதம் காத்திருப்பதிலும் மோதல்களிலும் போய்விடுகிறது. 7 எங்கே, 21 எங்கே! பைசா செலவில்லாமல், பிளக்கை மாற்றியதால் மட்டும் மூன்று மடங்கு.

இடம் தேடும்போது போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கலாம். அது மைனஸ் எண்களில் சிக்னலைக் காட்டும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வலிமை. ரவுட்டர் அருகே மைனஸ் 40 போல இருக்கும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் வீடியோ தடுமாறத் தொடங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் இறக்கத்துக்கும் வந்துசேரும் ஆற்றல் பாதியாகிறது என்பதால், 10, 15 எண் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 60-லிருந்து 65 வரை கிடைக்கும் இடமே எக்ஸ்டெண்டருக்கு ஏற்றது. சிக்னல் செத்துப்போன அறையில் வைத்தால், செத்த சிக்னலைத்தான் அது திரும்பச் சொல்லும்.

இன்னொரு விஷயம், வாங்கிய பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் முழுதாகக் கிடைத்தால் மட்டும் காற்றில் ஓடக்கூடிய அதிகபட்ச வேகம் அது. அக்கம்பக்கத்தில் பத்து வீட்டு வைஃபை இருக்கும் தெருவில் சாதனங்கள் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், எண் 144 ஆகிவிடும். அதிலும் கையில் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். அதை எக்ஸ்டெண்டர் மறுபடி பங்கு போடுகிறது.

இந்தப் பாதியாகும் சங்கடம் மாடியில் இருப்பவரோடு நிற்பதும் இல்லை. மகள் மாடியில் ஒரு பெரிய கோப்பை இறக்கினால், ஒவ்வொரு பாக்கெட்டும் சேனலின் நேரத்தை இரண்டு முறை தின்கிறது. அதே 2.4 சேனலில் இருக்கும் ஹால் டிவிக்கு மிச்சம் எதுவும் இருக்காது. "மாடியில யாரோ ஏதோ பண்றாங்க, கீழ படம் நின்னுடுச்சு" என்று மாமா கத்துவது இதனால்தான். எக்ஸ்டெண்டர் வந்த பிறகு கீழ்வீட்டு வைஃபையும் மோசமாகிவிட்டது என்று சொல்பவர்கள் கற்பனை செய்வதில்லை.

சரி, இரண்டு பேண்ட் உள்ள எக்ஸ்டெண்டர் வாங்கினால்? அதில் 2.4-க்கு ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரேடியோ. ரவுட்டரோடு 5-ல் பேசிக்கொண்டே போனோடு 2.4-ல் பேசலாம். சேனல்கள் வேறுவேறு, ஒன்று மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பாதியாவதும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. படி திரும்பும் இடத்தில் வைத்து அளந்தபோது ரவுட்டரிலிருந்து 5-ல் 240 வந்தது. ஆனால் அங்கிருந்து மகள் அறைக்கு 2.4-ல் போவது 60-தான், ஆகவே கிடைப்பது 60. அதையே இரண்டு பயணத்தையும் 5-லேயே நடக்கவிட்டால் முதல் பயணம் 240, இரண்டாவது 160. ஒரே சேனல் என்பதால் நேரம் பங்கிடப்படுகிறது: 100 மெகாபிட்டுக்கு 0.42 விநாடியும் 0.63 விநாடியும், மொத்தம் 1.05 விநாடி, ஏறக்குறைய 96 எம்பிபிஎஸ். பாதியாகாத வழி 60 கொடுக்கிறது, பங்கிடப்பட்ட வழி 96 கொடுக்கிறது. 'பாதியாகும்' என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து முடிவெடுத்தால் இங்கே தவறான பக்கம் போய்விடுவோம். எதன் பாதி என்று கேட்க வேண்டும். அக்கா வீட்டுக்கு வரும் இணைப்பே 100 என்னும்போது 96 என்பது கிட்டத்தட்ட முழுதும்தான்.

மெஷ் என்ற பெயரைச் சுற்றி இருக்கும் குழப்பமும் இந்தக் கணக்கில் கரைந்துவிடும். மெஷ் பெட்டிகள் இரண்டையும் கேபிள் இல்லாமல் வைத்தால், அவையும் காற்றில்தான் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள இந்த வழியை பேக்ஹால் என்பார்கள். இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ் பெட்டியில் பேக்ஹாலுக்கும் போனுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான். அதே இடத்தில் வைத்தால் அதே 240, அதே 160, அதே 96. பெட்டியின் மேல் மெஷ் என்று எழுதியிருப்பதால் காற்று இரண்டாகப் பிரிவதில்லை. 2016-ல் வீட்டு மெஷ் பரவலாக விற்பனைக்கு வந்தபோதே இந்த இரண்டு பாதைகளும் தெரிந்தன. அந்த ஆண்டு வந்த முதல் ஈரோ இரண்டு பேண்டையும் பேக்ஹாலுக்கும் போன்களுக்கும் சேர்த்தே பயன்படுத்தியது. அதே ஆண்டு நெட்கியர் கொண்டுவந்த ஆர்பி, பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள மட்டும் மூன்றாவதாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை ஒதுக்கியது. ட்ரை-பேண்ட் என்று கூடுதல் விலைக்கு விற்பவற்றில் பல இந்த இரண்டாவது வகைதான். பேக்ஹால் ஒரு சேனலில், போன்கள் வேறு சேனலில். அக்கா வீட்டு எண்களில் இது 160 கொடுக்கும். இணைப்பு 100 என்றால் அந்தக் கூடுதல் பணத்துக்குப் பலன் இல்லை, 300 என்றால் உண்டு. மூன்றாவது பெட்டியை இரண்டாவதன் பின்னால் வரிசையாக வைத்தால், பொது ரேடியோவில் தரவு மூன்று முறை பயணம் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு தளம் மட்டும் உள்ள சாதாரண வீட்டுக்கு மூன்று பெட்டித் தொகுப்பு தேவைப்படுவது அரிது.

அப்படியானால் மெஷ் வாங்குவதில் என்னதான் லாபம்? என் அனுபவத்தில் அது வேகத்தைவிட நடமாட்டத்தில் இருக்கிறது. ஹாலில் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே மாடி ஏறினால், போன் எப்போது கீழ்ப்பெட்டியை விட்டு மேல்பெட்டிக்கு மாற வேண்டும்? அந்த முடிவை எடுப்பது போன். அது பிடித்ததை லேசில் விடாது, மாடிக்குப் போன பிறகும் கீழே உள்ள ரவுட்டரின் நைந்த சிக்னலையே கட்டிக்கொண்டு இருக்கும். எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் கொடுத்திருந்தால் இன்னும் மோசம், அழைப்பு அறுந்த பிறகுதான் மாறும். மெஷ் பெட்டிகளுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். பக்கத்தில் எந்தெந்தப் பெட்டி இருக்கிறது என்ற பட்டியலைப் போனுக்குக் கொடுத்து, "அங்கே போ" என்று பரிந்துரைக்கவும் முடியும். 802.11கே, 802.11வி என்ற தரங்கள் இதற்காகத்தான். பழைய போன்கள் அந்தப் பரிந்துரையைக் கேட்பதில்லை என்பது இதன் எல்லை.

உங்கள் லேப்டாப் எந்தப் பெட்டியில், எந்தச் சேனலில் இருக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் இந்த ஒரு வரி போதும்:

```
netsh wlan show interfaces
```

ஹாலில் ஒரு முறை, மாடி அறையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும். `BSSID` என்ற வரியில் உள்ள எண் மாறவில்லை என்றால் மேலே போன பிறகும் கீழ்ப்பெட்டியையே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டதும் எண் மாறி வேகமும் ஏறினால், குறை பெட்டியில் இல்லை, ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தில்தான். `Channel` என்ற வரி 1, 6, 11 போன்ற சின்ன எண்ணைக் காட்டினால் நீங்கள் 2.4-ல் இருக்கிறீர்கள். 36 அல்லது 149 போலக் காட்டினால் 5-ல்.

அக்கா வீட்டில் கடைசியில் இரண்டு பெட்டி மெஷ்தான் வாங்கினோம், இரண்டு பேண்ட் வகை. ஒன்றை ஹாலிலும் மற்றதைப் படி திரும்பும் இடத்திலும் வைத்தோம். மகள் அறையில் 85-க்கும் 90-க்கும் இடையில் வந்தது. இரண்டு ஆண்டு அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு இணைப்பை 300-க்கு உயர்த்தினார்கள், மாடியில் எண் அசையவே இல்லை. கணக்கு ஏற்கெனவே சொன்ன எல்லையை அது தொட்டுவிட்டிருந்தது.

அந்த நேரத்தில் ட்ரை-பேண்ட் வாங்கலாமா என்று யோசித்தபோதுதான் சுவரில் பதித்திருந்த பழைய கேபிள் டிவி குழாய் நினைவுக்கு வந்தது. மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கும் அந்தக் குழாய், மாடி அறையில் ஒரு பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் கீழே போகிறது. பல வீடுகளில் இப்படி ஒன்று சும்மா கிடக்கும். மின்சார வயர் போகும் குழாயில் நெட்வொர்க் கேபிளைச் சேர்த்து இழுக்கக் கூடாது, ஆனால் டிவி குழாயில் தாராளமாக இழுக்கலாம். பழைய கோஆக்சியல் வயரின் முனையில் புதிய கேட்-6 கேபிளைக் கட்டி, ஒருவர் மேலிருந்து விட, இன்னொருவர் கீழிருந்து இழுத்தோம். அரை மணி நேர வேலை. கேபிள் வாங்கும்போது உள்ளே முழுச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு வகை வளைத்தால் எளிதில் முறியும்.

கேபிள் வந்ததும் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறின. பேக்ஹால் காற்றிலிருந்து இறங்கிவிட்டது, ஆகவே மாடிப்பெட்டியின் ரேடியோ முழுதும் போன்களுக்கே. அதைவிட முக்கியம், பெட்டியைப் படியில் வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. காற்று பேக்ஹாலில் பெட்டி எப்போதும் நடுவழியில் நின்றாக வேண்டும், ரவுட்டரும் கேட்க வேண்டும் போனும் கேட்க வேண்டும் என்ற சமரசம். கேபிள் இருந்தால் ஆள் இருக்கும் அறைக்கே பெட்டியைக் கொண்டுபோகலாம். இதற்கு மெஷ்ஷே வேண்டும் என்பதும் இல்லை. பழைய ரவுட்டர் ஒன்றை, கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயிண்ட் முறையில் போட்டு, கீழே உள்ள அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, வேறு சேனலில் வைத்தால் வேகம் இதே அளவுதான். அந்த முறை இல்லாத ரவுட்டரானால், முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை WAN என்று எழுதிய துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும். அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுக்கப் போட்டி போடும், சில சாதனங்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது.

எல்லாம் முடித்து அளந்தபோது மகள் அறையில் 94-தான் காட்டியது. 300 இணைப்பு, புதிய கேபிள், ஆனாலும் 94. லேப்டாப்பை அந்தக் கேபிளில் நேராகச் செருகி, பவர்ஷெல்லில் `Get-NetAdapter` என்று அடித்துப் பார்த்தேன். `LinkSpeed` என்ற இடத்தில் 100 Mbps என்று இருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100-க்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். கீழ்முனையில் நான் கிரிம்ப் செய்த பிளக்கில் நீலக் கம்பி ஒன்று உலோகப் பல் வரை போய்ச் சேரவில்லை. முனையை வெட்டி, புதிய பிளக் போட்டுக் கிரிம்ப் செய்ததும் 1 Gbps என்று மாறியது. கேபிளை மறுபடி மாடிப்பெட்டியில் செருகிவிட்டு, மகளின் மேசையிலிருந்து போனில் அளந்தோம். 290-ஐத் தாண்டியது.